"12% சேமித்தேன்" என்ற வரிக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பது?

வணக்கம். எங்கள் பம்ப் தொழிற்சாலைக்குக் கொள்முதல் அதிகாரி தேவை. விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் இடுவது என் பொறுப்பு: விற்பனையாளர்களுடன் பேரம் 40, செலவுக் குறைப்பு 40, கொள்முதல் ஆணை மென்பொருள் அனுபவம் 20.

ஒரு விண்ணப்பத்தில் தடுமாறி நிற்கிறேன். ஆண்டுக்கு 8 கோடி ரூபாய்க் கொள்முதலில் 96 லட்சம், அதாவது 12% சேமித்ததாக எழுதியிருக்கிறார். எதோடு ஒப்பிட்டு என்று சொல்லவில்லை. முந்தைய ஆண்டு விலையோடு என்றால், செம்புக் கம்பியின் சந்தை விலையே இறங்கியிருக்கலாம். அது அவருடைய திறமை ஆகாது. விற்பனையாளரின் முதல் விலைப்புள்ளியோடு என்றால், பேரம் வரும் என்று தெரிந்தே அதை உயர்த்திச் சொல்லியிருப்பார்கள். இதே தொகைக்குப் பேரத்திலும் சேமிப்பிலும் இருமுறை மதிப்பெண் போட்டுவிடுவேனோ என்றும் அஞ்சுகிறேன்.

மென்பொருளில் குழப்பமில்லை. ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைத் தீர்த்த விதத்தை விளக்கியிருக்கிறார். 16 கொடுத்துவிட்டேன்.

சேமிப்புக்கு இப்போதைக்கு 20 போட்டிருக்கிறேன். நேர்காணலில் ஒரே ஒரு பொருளின் பழைய விலை, புதிய விலை, வாங்கிய அளவு, பணம் செலுத்தும் கெடு ஆகியவற்றைக் கேட்டு மாற்ற எண்ணம். கொள்முதல் துறையில் இருப்பவர்களே, இந்த நான்கும் போதுமா? வேறு என்ன கேட்பீர்கள்? திறமையான ஒருவரை என் கணக்குத் தவறால் இழக்க மனமில்லை.