64 ஜிபி லேப்டாப், கோப்பெல்லாம் கிளவுடில்: நெட் இல்லாத வாரங்களில் வேலை ஓடுமா?

மேகவாசி:
என் லேப்டாப்பில் மொத்தமே 64 ஜிபி. விண்டோஸ் 11, ஆபீஸ் எல்லாம் போக 11 ஜிபிதான் காலி. ஒன்டிரைவில் 180 ஜிபிக்குக் கோப்புகள். அடுத்த மாதம் மூன்று வாரம் நெட் இல்லாத இடத்தில் உட்கார்ந்து கள ஆய்வு அறிக்கை எழுத வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் எல்லாக் கோப்பும் தெரிகிறது, திறக்கவும் செய்கிறது. இதை நம்பிப் போகலாமா, பெரிய வட்டு உள்ள மெஷின் வாங்குவதா?

இரும்புப்பெட்டி:
வாங்குங்கள். 180 ஜிபி கோப்பு 11 ஜிபி இடத்தில் இருக்க முடியாது. நீங்கள் பார்ப்பது கோப்பின் பெயரும் ஐகானும் மட்டும்தான். நெட் இருப்பதால்தான் திறக்கிறது. என் கூட வேலை பார்த்தவர் இப்படித்தான் போனார். போன இடத்தில் பாதிக் கோப்பு திறக்கவில்லை, கையில் இருந்த அச்சுப் பிரதியை வைத்து மறுபடி தட்டச்சு செய்தார். வேலைக்கான மெஷினில் வேலை இருக்க வேண்டும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

தறிக்காரன்:
நிறைய இருக்கிறது. 180 ஜிபியும் அவருக்கு அந்த மூன்று வாரம் தேவையா? அறிக்கைக்கு வேண்டியது சில ஜிபி இருந்தால் அதிகம். அதை மட்டும் இறக்கிக்கொண்டு போனால் 64 ஜிபி தாராளம். கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லாவற்றையும் ஒரு முறை திறந்து மூடுங்கள், பச்சை டிக் வந்துவிடும். முடிந்தது. இன்னும் இடம் வேண்டுமென்றால் மைக்ரோ எஸ்டி கார்டு போட்டு ஒன்டிரைவ் ஃபோல்டரையே அதற்கு மாற்றிவிடுங்கள்.

அலைவரிசை:
தறிக்காரன் சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி இவரை மாட்டிவிடும்.

பச்சை டிக் இரண்டு வகை. வெள்ளை வட்டத்துக்குள் பச்சை டிக் என்றால், கோப்பு இப்போதைக்கு வட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். திறந்து மூடினால் கிடைப்பது இதுதான். முழுப் பச்சை வட்டத்துக்குள் வெள்ளை டிக் என்றால், அதை இங்கேயே வைத்திரு என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். முதல் வகையை விண்டோஸ் தானாகவே வட்டிலிருந்து எடுத்துவிடலாம். செட்டிங்ஸில் Storage Sense என்று ஒன்று உண்டு. இத்தனை நாள் திறக்காத கோப்பைக் கிளவுடுக்கு மட்டும் ஆக்கிவிடு என்று அதில் சொல்லிவைக்க முடியும்; 1, 14, 30, 60 நாள் என்று தேர்வுகள் இருக்கும். வட்டு சின்னது என்பதால் எப்போதோ அதை இயக்கிவிட்டு மறந்தவர்கள் ஏராளம். இரண்டாம் வகையை அது தொடாது.

ஆகவே வேலைக்கான ஃபோல்டரை வலது சொடுக்கி Always keep on this device கொடுங்கள். ஃபோல்டருக்கே கொடுப்பது முக்கியம், அப்போதுதான் பிறகு அதில் வந்து சேரும் கோப்பும் தானாக இறங்கும்.

எஸ்டி கார்டு யோசனை ஓடாது. கழற்றக்கூடிய வட்டில் ஒன்டிரைவ் தன் ஃபோல்டரை வைக்காது, என்டிஎஃப்எஸ் வடிவமும் வேண்டும். பழைய கோப்புகளை நீங்களே நகலெடுத்து வைக்கக் கார்டு நல்லது, அதற்கு மேல் இல்லை.

தறிக்காரன்:
கார்டு விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். என் மெஷினில் Storage Sense அணைந்தே இருக்கிறது, அதனால் திறந்து மூடுவதே எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

சிற்றலை:
இவ்வளவு சிரமம் எதற்கு? நான் டேப்லெட்டில் கூகுள் டாக்ஸில்தான் எழுதுகிறேன். பயணத்துக்கு முன் அந்த ஆவணத்துக்கு ஆஃப்லைன் வசதியை இயக்கிவிடுவேன். நெட் வந்ததும் தானே சேர்ந்துகொள்ளும். வட்டில் இடமே பெரிதாகப் போகாது.

அலைவரிசை:
நீங்கள் எழுதுவது தனி ஆவணம், அதற்கு அது நன்றாகவே ஓடும். மேகவாசிக்கு வேர்டு, எக்செல் கோப்புகள் ஒன்றையொன்று சார்ந்து இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொன்று: லேப்டாப்பில் கூகுள் டிரைவ் காட்டும் .gdoc கோப்பு வெறும் சுட்டி. அதை எந்த வட்டுக்கு நகலெடுத்தாலும் உள்ளடக்கம் கூட வராது. ஆஃப்லைன் வசதியைப் பிரவுசரில்தான் இயக்க வேண்டும், பயணத்திலும் அதே பிரவுசரைத்தான் திறக்க வேண்டும்.

மேகவாசி, ஃபோல்டர் இறங்கி முடிந்ததும் ஐகானை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். கமாண்ட் பிராம்ப்டில் இதை ஓட்டுங்கள், Arikkai இருக்கும் இடத்தில் உங்கள் ஃபோல்டர் பெயரைப் போட்டு:

```
dir "%OneDrive%\Arikkai" /a:o /s /b
```

இன்னும் கிளவுடில் மட்டுமே இருக்கும் கோப்புகளின் பட்டியல் வரும். ஃபோல்டர் பெயரைச் சரியாகப் போட்டிருந்து File Not Found என்று வந்தால் எல்லாம் இறங்கிவிட்டது; பெயர் தப்பாக இருந்தாலும் அதே வரிதான் வரும். அப்புறம் வைஃபையை அணைத்து, மெஷினை மறுபடி தொடங்கி, ஒரு மணி நேரம் உண்மையான வேலையைச் செய்து பாருங்கள்.

மேகவாசி:
செய்து பார்த்தேன். அறிக்கை ஃபோல்டர் 4 ஜிபிதான். முதலில் சில பெரிய பிடிஎஃப்கள் பட்டியலில் வந்தன, காத்திருந்ததும் அவையும் இறங்கின. ஆனால் வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்தால் வேர்டில் நான்கு படங்களின் இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. எக்செல் அட்டவணை ஒழுங்காகத் தெரிகிறது, ஆனால் இணைப்புகளைப் புதுப்பிக்க முடியவில்லை என்கிறது.

அலைவரிசை:
அந்தப் படங்களை உள்ளே பதிக்காமல் இணைப்பாகச் செருகியிருக்கிறீர்கள். மூலப் படம் வேறு ஃபோல்டரில், கிளவுடில் மட்டும் இருக்கிறது. எக்செலிலும் அதே கதை, ஆனால் இதுதான் ஆபத்தானது. வேறு கோப்பிலிருந்து வரும் எண்களின் கடைசி மதிப்பை எக்செல் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும். அதனால் அட்டவணை முழுசாகத் தெரியும், எண்கள் மட்டும் பழையவையாக இருக்கலாம். Data பட்டியில் Edit Links அல்லது Workbook Links திறந்தால் எந்தக் கோப்பைத் தேடுகிறது என்று காட்டும். அந்த ஃபோல்டருக்கும் அதே வலது சொடுக்கு. ஆனால் 11 ஜிபியையும் நிரப்பிவிடாதீர்கள்; வட்டு நிரம்பினால் புதிய வேலையைச் சேமிக்கவே இடம் இருக்காது.

கிளம்பும் நாளில் வேர்டை நெட்டுடன் ஒரு முறை திறந்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா என்றால் மாதம் ஒரு முறையாவது அது சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் திருத்த விடாது.

இரும்புப்பெட்டி:
சரி, கோப்பு எல்லாம் இறங்கியது என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் எழுதுகிறார், நெட் இல்லை, எதுவும் மேலே ஏறாது. அந்த எழுத்து முழுக்க ஒரே ஒரு சில்லில். இந்தச் சின்ன மெஷின்கள் பலவற்றில் இஎம்எம்சி சேமிப்பு போர்டிலேயே பற்றவைத்தது, கழற்றி வேறு மெஷினில் போட்டுப் படிக்க வழி இல்லை. போர்டு போனால் மூன்று வார வேலையும் போச்சு. கிளவுட் இருக்கிறது என்ற நினைப்பே அவரைக் கவனக்குறைவாக்கும்.

அலைவரிசை:
இந்தக் கவலை நியாயம். தினமும் வேலை முடிந்ததும் ஃபோல்டரை அந்த எஸ்டி கார்டிலோ பென் டிரைவிலோ, தேதி போட்ட புதுப் பெயரில் நகலெடுக்க வேண்டும். பெரிய வட்டு இருந்தாலும் இதைச் செய்யத்தான் வேண்டும், பெரிய வட்டும் ஒரே வட்டுதான்.

தறிக்காரன்:
திரும்பி வந்த பிறகு நடப்பதையும் சொல்லுங்கள். இவர் எழுதும்போது அங்கே இன்னொருவர் அதே கோப்பைத் திருத்தினால்?

அலைவரிசை:
வேர்டு இரண்டையும் ஒன்றாக்கப் பார்க்கும். முடியாதபோது ஒன்டிரைவ் இரண்டு பிரதியையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயருக்குப் பின்னால் உங்கள் மெஷின் பெயரை ஒட்டிவிடும். எது சரி என்று அது சொல்லாது, உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். போகும் முன்பே இந்தக் கோப்பைத் தொடாதீர்கள் என்று குழுவில் சொல்லிவிடுங்கள், அல்லது உங்கள் பகுதியைத் தனிக் கோப்பாக எழுதுங்கள்.

மேகவாசி:
என் பகுதியைத் தனியாகவே எழுதுகிறேன். மெஷின் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன்.

இரும்புப்பெட்டி:
இத்தனை சரிபார்த்தலையும் ஒவ்வொரு பயணத்துக்கும் செய்யப் போகிறீர்களா? வருடத்துக்கு ஒரு முறை என்றால் ஒத்துக்கொள்கிறேன். மாதா மாதம் போகிறவர் என்றால் நான் சொன்னதுதான்.

மேகவாசி:
வருடத்துக்கு இரண்டு முறை போவேன். அதற்கு எந்தப் பக்கம் சாய்வது என்று இன்னும் தெரியவில்லை.