வீட்டு வைஃபையில் மட்டும் தேடல் முடிவுகள் குறைந்தன: உங்களுக்கும் நடந்ததா?

மலர்விழி
செவிலிய மாணவிகளுக்கு மார்பகச் சுயபரிசோதனை பற்றி வகுப்பு எடுக்கிறேன். அதற்குப் படம் தேடினால் கூகுளில் கோட்டோவியங்கள் மட்டுமே வந்தன. தோலில் குழி விழுவது, காம்பு உள்வாங்குவது போன்ற நிஜப் புகைப்படங்கள் ஒன்றுகூட இல்லை. எதையோ மறைத்திருக்கிறோம் என்ற அறிவிப்பும் கண்ணில் படவில்லை. இணையத்தில் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று இரண்டு நாள் நம்பிவிட்டேன்.

அப்புறம் பேருந்தில் போகும்போது கைப்பேசி டேட்டாவில் அதே சொற்களைத் தேடினேன். படங்கள் கொட்டின. வீட்டுக்கு வந்து, ஆபாசப் படங்களை வடிகட்டும் சேஃப்சர்ச் அமைப்பின் google.com/safesearch பக்கத்தைத் திறந்தால் ஒரு பூட்டுச் சின்னம், எதையும் மாற்ற முடியவில்லை. யார் பூட்டினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோபி
எனக்கும் வந்தது. குக்கீஸ், ஹிஸ்டரி எல்லாம் அழித்தேன், சரியாகிவிட்டது. அதைச் செய்யுங்கள்.

மலர்விழி
செய்தேன் கோபி. கணக்கிலிருந்து வெளியே வந்தேன், மறைநிலையிலும் வேறு பிரௌசரிலும் பார்த்தேன். அதே பூட்டு.

சுந்தரம்
கோபிக்கு இருந்தது பூட்டு அல்ல, பிரௌசரில் பதிந்திருந்த விருப்பத் தேர்வு. அதனால்தான் குக்கீயோடு போய்விட்டது. மலர்விழி அம்மா, உங்களுக்குக் கணக்கில்லாமலும் பூட்டு நிற்கிறது, டேட்டாவுக்கு மாறினால் போய்விடுகிறது. அப்படியானால் தளத்தின் பெயரைக் கேட்டு அதன் முகவரி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ்-ஐத்தான், அதுவும் வீட்டு நெட்வொர்க்கில் உள்ளதைத்தான், நான் முதலில் சந்தேகிப்பேன். மடிக்கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை அடியுங்கள்:

```
nslookup www.google.com
```

பதிலில் forcesafesearch.google.com என்ற பெயரோ 216.239.38.120 என்ற எண்ணோ வந்தால் சந்தேகமே வேண்டாம். கூகுளின் முகவரியைக் கேட்கும்போதே டிஎன்எஸ் உங்களை வடிகட்டிய வாசலுக்கு அனுப்பிவிடுகிறது. அந்த வாசலில் நுழைகிற யாருக்கும், எந்தக் கணக்கானாலும், வடிகட்டிய முடிவுதான்.

மலர்விழி
216.239.38.120 தான் வந்தது! ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். டிஎன்எஸ் இடத்தில் குடும்ப வடிகட்டிச் சேவை ஒன்றின் எண் இருந்தது. போன விடுமுறையில் பிள்ளைகள் வந்திருந்தபோது கொழுந்தனார் போட்டாராம், சொல்ல மறந்துவிட்டார்.

பிள்ளைகளின் டேப்லெட்டுக்கு அந்தக் காவல் இருக்கட்டும் என்று ரவுட்டரைத் தொடவில்லை. என் மடிக்கணினியின் வைஃபை அமைப்பில் மட்டும் டிஎன்எஸ்-ஐ மாற்றினேன். ஆனாலும் பூட்டு அப்படியே இருக்கிறது. தப்பாகச் செய்துவிட்டேனா?

சுந்தரம்
சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். பழைய முகவரியைக் கணினி இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. இதை ஓட்டிவிட்டு, பிரௌசரை முழுவதுமாக மூடித் திறங்கள்:

```
ipconfig /flushdns
```

அதற்கும் அசையாவிட்டால் IPv6 பக்கத்தைப் பாருங்கள். IPv4-இல் மட்டும் டிஎன்எஸ்-ஐ மாற்றிவிட்டு, மற்றது ரவுட்டரையே கேட்டுக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும்.

மலர்விழி
IPv6-தான்! அதையும் மாற்றியதும் பூட்டு போய்விட்டது. பாடத்துக்கு வேண்டிய ஆறு படங்களும் கிடைத்துவிட்டன. மிக்க நன்றி.

ஜமீலா
எங்கள் அலுவலகத்தில் யூடியூப் வீடியோ ஓடுகிறது, கீழே கருத்துகள் மட்டும் தெரிவதில்லை. நானும் flushdns செய்யட்டுமா?

சுந்தரம்
வேண்டாம் ஜமீலா. உங்களுடையது யூடியூபின் கட்டுப்பாட்டுப் பயன்முறையாக இருக்கலாம். அது இயங்கும்போது கருத்துகள் மறைந்துவிடும். அலுவலகம் வேண்டுமென்றே வைத்திருந்தால் அதைச் சுற்றிப் போவது உங்களுக்குத்தான் சிக்கல். வேலைக்குத் தேவை என்று ஐடி பிரிவில் சொல்லிக் கேளுங்கள்.

தேவா
என் கதை மலர்விழிக்கு நேர் எதிர். எந்த வைஃபையிலும் டேட்டாவிலும் பூட்டு, ஆனால் கணக்கிலிருந்து வெளியே வந்த நொடியில் சரியாகிவிடும். கணக்கு தொடங்கும்போது பிறந்த ஆண்டைத் தப்பாகக் கொடுத்திருக்கிறேன், கூகுள் என்னைப் பதினெட்டுக்குக் கீழ் என்று எடுத்துக்கொண்டது. தேதியைத் திருத்தினால் மட்டும் போதவில்லை, வயதுக்குச் சான்றும் கேட்டார்கள். அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் விட்டது. டிஎன்எஸ்-ஐ மாற்றி மாற்றி ஒரு வாரம் போனதுதான் வருத்தம். முதலில் வெளியேறிப் பார்த்திருக்க வேண்டும்.

நிலா
எனக்கு இரண்டும் பொருந்தவில்லை. டேப்லெட்டில் கணக்கே இல்லை, வைஃபையிலும் சிம்மிலும் பூட்டு. பிரைவேட் டிஎன்எஸ் ஆஃப். நிர்வாகி யாராவது பூட்டியிருந்தால் chrome://policy பக்கத்தில் ForceGoogleSafeSearch இருக்கும் என்று படித்தேன், அங்கே பட்டியல் காலி.

சுந்தரம்
பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியோ விபிஎன்-ஓ ஏதாவது ஓடுகிறதா? சில ஆன்டிவைரஸ் செயலிகளும் இந்த வேலையைச் செய்யும். சிம் நிறுவனம் தன் பக்கம் வடிகட்டி வைத்திருந்தாலும் இப்படி ஆகும், ஆனால் அது வைஃபையில் ஏன் வருகிறது என்பதை விளக்காது.

நிலா
அப்படிச் செயலி எதுவும் கண்ணில் படவில்லை. அந்த வைஃபை தங்கை கைப்பேசியின் ஹாட்ஸ்பாட், அவளுக்கும் அதே நிறுவனத்து சிம்தான். வேறு நிறுவன சிம் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.