ஒப்பந்தச் சட்டத்தில் ‘ரிசர்வேஷன்’: விலக்குரையா, நிபந்தனையா?

மீனாட்சி:

அனைவருக்கும் வணக்கம். சட்டக் கல்லூரி மாணவர்களுக்காகப் பன்னாட்டுச் சட்டப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். ஒரு சொல்லிடம் வந்து இரண்டு வாரமாக நிற்கிறேன். ஒரு நாடு ஓர் ஒப்பந்தத்தில் சேரும்போதே ‘இந்தப் பிரிவு எனக்குப் பொருந்தாது’ என்று எழுதிக் கொடுக்கிறதே, அந்த ரிசர்வேஷனுக்கு என்ன சொல்வது? ‘ஒதுக்கீடு’ என்றால் வகுப்பில் எல்லோருக்கும் கல்லூரி சீட்டுதான் நினைவுக்கு வருகிறது.

‘விலக்குரை’ என்று வைத்துப் பார்த்தேன். அடுத்த அத்தியாயம் ஒப்பந்தத்தை விட்டே வெளியேறுவது பற்றி. அது ‘விலகல்’. ஒரு பிரிவை விலக்குவது பிறவினை, தானே விலகுவது தன்வினை. ஒரே வேரில் இரண்டும் அமைகின்றன.

சொல் தாங்குமா என்று பார்க்க டிரினிடாட் கணக்கை எடுத்திருக்கிறேன். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையோடு ஒரு விருப்ப நெறிமுறை உண்டு. அதில் சேர்ந்த நாட்டின் மீது தனிமனிதர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிடலாம். டிரினிடாட் டொபாகோ 1998 மே 26 அன்று அந்த நெறிமுறையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதே நாளில் மீண்டும் சேர்வதாகவும் எழுதிக் கொடுத்தது, இம்முறை ஒரு விலக்குரையோடு: மரண தண்டனைக் கைதிகளின் முறையீடுகளைக் குழு விசாரிக்கக் கூடாது. இது செல்லுமா? செல்லாது என்றால் அந்த நாடு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

கதிரேசன்:

அம்மா, முப்பது ஆண்டு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு செய்தவன் நான். புதுச் சொல் எதற்கு? ‘நிபந்தனை’ என்று போடுங்கள், யாருக்கும் புரியும். அப்புறம், அந்தக் கணக்குக்கு விடை சுலபம். ரிசர்வேஷனை முதன்முதலில் சேரும்போதுதான் போட முடியும். வெளியே போய்த் திரும்பி வந்து போட்டால் செல்லவே செல்லாது.

தாரணி:

கதிரேசன் ஐயா சொன்னதில் பாதி சரி. உள்ளே இருந்துகொண்டே நினைத்த நேரத்தில் ரிசர்வேஷன் போட முடியாது. ஒப்பந்தங்களுக்கான விதிகளைச் சொல்லும் 1969 வியன்னா உடன்படிக்கை அதற்குச் சொல்லும் நேரம் கையெழுத்திடும்போது, ஏற்புறுதி தரும்போது, சேரும்போது என்று போகிறது. ஆனால் விலகிவிட்டுத் திரும்பச் சேர்வதும் சேர்வதுதான். அப்போது போடக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. பொலிவியா இதைத்தான் செய்தது. கோகோ இலை மெல்லும் பழக்கத்துக்காக 1961 போதைப்பொருள் உடன்படிக்கையிலிருந்து விலகி, 2013இல் ரிசர்வேஷனோடு திரும்பி வந்தது. உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு எதிர்த்தால்தான் அதைத் தடுக்க முடியும் என்று அந்த உடன்படிக்கையே சொல்கிறது. அவ்வளவு பேர் எதிர்க்கவில்லை, நின்றுவிட்டது.

டிரினிடாட் ஏன் அப்படிச் செய்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 1993இல் ஜமைக்கா வழக்கு ஒன்றில், தண்டனை விதித்து ஐந்து ஆண்டுக்கு மேல் ஒருவரைத் தூக்குக்காகக் காத்திருக்க வைத்தால் அது மனிதத்தன்மையற்ற நடத்தை என்றே கொள்ள இடமுண்டு என்று, டிரினிடாடுக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. ஐ.நா. குழுவிடம் முறையீடு கிடக்கும் காலமும் அந்த ஐந்து ஆண்டைத் தின்றது. முறையீட்டு வழியையே அடைத்துவிட அரசு முனைந்தது.

நெறிமுறையின் 12ஆம் பிரிவுப்படி விலகல் மூன்று மாதம் கழித்துத்தான் நடப்புக்கு வரும். ஆக, விலகலும் மறுசேர்க்கையும் ஒன்றாக ஆகஸ்ட் 26 அன்று நடப்புக்கு வந்தன. அந்த டிசம்பரில் ராவ்ல் கென்னடி என்ற மரண தண்டனைக் கைதியின் முறையீடு குழுவுக்குப் போனது. 1999 நவம்பரில் குழு சொன்னது: ஒப்பந்தத்தின் நோக்கத்துக்கு முரணான ரிசர்வேஷன் செல்லாது, எல்லோருக்கும் இருக்கும் வழியை ஒரு சாராருக்கு மட்டும், அதுவும் மரணத்தை எதிர்நோக்கி இருப்பவர்களுக்கு, மறுப்பது அப்படிப்பட்டது. ஆகவே அதை வெட்டிவிட்டு, டிரினிடாட் முழுமையாக உள்ளே இருப்பதாகக் கொண்டு குழு விசாரணையை எடுத்துக்கொண்டது.

குழுவில் நான்கு பேர் உடன்படவில்லை. அவர்களில் ஒருவர் நம் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பகவதி. முழுவதுமாக விலகவே உரிமை உள்ள நாடு, ஒரு பகுதியை மட்டும் ஏன் மறுக்கக் கூடாது என்பது அவர்கள் கேள்வி. அந்த வரி இல்லாவிட்டால் சேரவே மாட்டேன் என்று தெளிவாகக் காட்டிய நாட்டை, வரியை வெட்டிவிட்டு உள்ளே வைத்திருப்பது எப்படி என்றும் கேட்டார்கள்.

‘நிபந்தனை’ வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். நிபந்தனை விழுந்தால் அதன் மேல் நின்ற சம்மதமும் விழும் என்றுதான் தமிழில் படும். அப்படி எழுதினால் கேள்வித்தாளிலேயே அந்த நால்வர் பக்கம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ‘உரை’ என்று முடியும் சொல் அந்தக் கேள்வியைத் திறந்து வைக்கிறது. 2011இல் பன்னாட்டுச் சட்ட ஆணையம் தந்த வழிகாட்டியும் இதை அடைத்து மூடவில்லை: அந்த ரிசர்வேஷன் இல்லாமலே நாடு கட்டுப்பட்டதாகத்தான் முதலில் கொள்ள வேண்டும், ஆனால் நாட்டின் எண்ணம் வேறு என்று தெரிந்தால் அது மாறும்.

டிரினிடாட் என்ன செய்தது தெரியுமா? 2000 மார்ச்சில் மறுபடி விலகல் அறிவிப்பு கொடுத்தது. இம்முறை திரும்பி வரவில்லை. கென்னடியின் முறையீடு முன்பே வந்துவிட்டதால் குழு அதை 2002 வரை விசாரித்து முடித்தது.

யோகராசா:

வணக்கம். இலங்கையும் இதே நெறிமுறையில் இருந்தது. 2006இல் சிங்கராசா வழக்கில் எங்கட உச்ச நீதிமன்றம் அதிலிருந்து விலகிவிட்டதே. அதையும் விலகல் அத்தியாயத்தில் சேர்க்கலாம். அந்தத் தீர்ப்பு வந்த நாள் எனக்கு நல்லா நினைவிருக்கு. ஜெனீவா பக்கம் இருந்த கடைசிக் கதவும் மூடிவிட்டது என்று எங்கட ஊரில் பலர் நினைத்தோம்.

தாரணி:

யோகராசா, அது விலகல் இல்லை. 1997இல் அந்த நெறிமுறையில் சேர குடியரசுத் தலைவருக்கு அரசியலமைப்பில் அதிகாரம் இல்லை, ஆகவே உள்நாட்டில் அதற்குச் சட்ட வலு இல்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. விலக வேண்டுமானால் அரசு ஐ.நா. பொதுச்செயலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இலங்கை அறிவிக்கவில்லை. கதவு பன்னாட்டுத் தளத்தில் திறந்துதான் இருக்கிறது; அங்கே கிடைக்கும் முடிவை ஊரில் நிறைவேற்ற வைப்பதில்தான் தடை.

செந்தில்:

‘விலக்குரை’ பற்றி என் அனுபவம். முன்பு ஒரு மொழிபெயர்ப்பில் அதையே எழுதியிருந்தேன். மெய்ப்பு பார்த்தவர் எழுத்துப்பிழை என்று நினைத்து எல்லா இடத்திலும் ‘விளக்கவுரை’ ஆக்கிவிட்டார். அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். ‘இந்நாடு ஐந்தாம் பிரிவுக்கு விளக்கவுரை அளித்தது’ என்று இருந்தது.

வேறு துறை என்றால் விட்டுவிடலாம். இங்கே விளக்கம் தரும் அறிவிப்பு என்று ஒன்று தனியாகவே உண்டு. 1979இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோது, சுயநிர்ணய உரிமை அந்நிய ஆட்சியின் கீழ் உள்ள மக்களுக்கு மட்டுமே என்று ஓர் அறிவிப்பு கொடுத்தது. பெயர் அறிவிப்பு, செய்வது ரிசர்வேஷன் வேலை என்று சில நாடுகள் எதிர்ப்புத் தெரிவித்தன. எந்தப் பெயரில் வந்தாலும் என்ன செய்கிறது என்றே பார்க்க வேண்டும் என்பது வியன்னா விதி. பிரித்தறிய வேண்டிய இரண்டு சொற்களுக்கு நடுவே ஏறக்குறைய ல, ள மட்டும் நிற்பது ஆபத்து. ‘தவிர்ப்புரை’ ஆகாதா?

மீனாட்சி:

செந்தில் சொன்னதைச் சோதிக்க, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இரண்டு சொற்களையும் வாசித்துக் காட்டினேன். இரண்டும் ஒன்றுதானே அக்கா என்றாள். ‘விலக்குரை’யை விடுகிறேன், மனமில்லாமல்தான்.

‘தவிர்ப்புரை’யால் ஒரு லாபமும் உண்டு. ஆங்கிலத்தில் ஒப்பந்தத்தை விட்டுப் போவதற்கும், போட்ட ரிசர்வேஷனைத் திரும்ப எடுப்பதற்கும் ஒரே சொல். சட்டத்தில் இரண்டும் வேறு. திரும்ப எடுக்கப் பொதுவாக யார் சம்மதமும் வேண்டாம், எந்த நாளும் எழுத்தில் செய்யலாம். விலகல் அப்படியல்ல, வட கொரியா 1997இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையை விட்டே விலகப் பார்த்தபோது, அதில் விலகல் பிரிவு இல்லாததால் முடியாது என்றார்கள். தமிழில் ‘தவிர்ப்புரையை மீட்டல்’, ‘ஒப்பந்தத்திலிருந்து விலகல்’ என்று இரண்டும் தாமாகப் பிரிந்துவிடுகின்றன.

கதிரேசன்:

நிபந்தனையை விட்டுவிடுகிறேன், தாரணி சொன்ன காரணம் சரி. ஆனால் தவிர்ப்பது மட்டும்தானா ரிசர்வேஷன்? பிரிவை வைத்துக்கொண்டே அதன் விளைவை மாற்றிக்கொள்வதும் உண்டு என்று நீங்கள் சொல்லும் வியன்னா உடன்படிக்கையிலேயே இருக்கிறதே. அதற்குத் ‘தவிர்ப்பு’ போதாது. ‘வரம்புரை’ என்றால் இரண்டும் அடங்கும்.

தாரணி:

அடங்கும், ஐயா. ஆனால் டிரினிடாட் வரியை வரம்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது கதவடைப்பு. மீனாட்சி, அந்தக் கணக்கின் விடையை இரண்டு சொல்லிலும் ஒருமுறை முழுதாக எழுதி அனுப்புங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.