50 டன் ஹைட்ராலிக் பிரஸ்: இறங்கும் வேகம் போதவில்லை

செங்குத்தாக மேலிருந்து அழுத்தும் பிரஸ். 200 பாரில் 50 டன் வேண்டும். கணக்குக்கு 177 மி.மீ. வந்ததால் 180 மி.மீ. போர், 125 மி.மீ. ராடு போட்டேன். அழுத்தும்போது விநாடிக்கு 10 மி.மீ. போதும். அதற்கு நிமிடத்துக்கு 15.3 லிட்டர் பம்பு, 7.5 கிலோவாட் மோட்டார். விசை சரியாகவே வருகிறது.

சிக்கல், வேலைப்பொருளைத் தொடும்வரை வெறுமனே இறங்கும் 300 மி.மீ. தூரம். அதற்கே 30 விநாடி ஆகிறது; 3 விநாடிக்குள் முடிய வேண்டும்.

ரீஜெனரேட்டிவ் இணைப்பு கொடுத்துப் பார்த்தேன், 15 விநாடிக்குக் கீழே வரவில்லை. ஒரே பெரிய பம்பு என்றால் 153 லிட்டர் வேண்டும். 200 பாரில் அது 50 கிலோவாட்டைத் தாண்டும். இரட்டைப் பம்பு வைத்து, பெரியதை 20 பாரில் அன்லோடு செய்தால் இதே மோட்டார் தாங்கும். ஆனால் இரண்டு பம்பும் சேர்ந்து மேலே தூக்கும்போது போர் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 295 லிட்டர் திரும்புமே, அப்புறம் இப்போதுள்ள வால்வும் ரிட்டர்ன் குழாயும் திணறும்.

ராமும் பிளேட்டனும் சேர்ந்து 400 கிலோ. தன் எடையில் இறங்கவிட்டு, மேல்தொட்டியிலிருந்து பிரீஃபில் வால்வு வழியாக எண்ணெய் நிரப்புவது இந்த அளவுக்குச் சரியா, இரட்டைப் பம்பே மேலா?