பொருளை வைத்து எழுதும் பயிற்சி கதையாக மாற வழி சொல்லுங்கள்

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் இருந்து எழுதுகிறேன். ரொம்ப நாளாகக் கதை வரவில்லை. அதனால் ஒரு பயிற்சியைப் பிடித்திருக்கிறேன். வீட்டுப் பொருட்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஒன்றை எடுத்து, பத்து நிமிடம் கை நிற்காமல் எழுத வேண்டும். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் அறிந்ததை மட்டும்தான். ‘சோகம்’, ‘அழகு’ மாதிரிச் சொற்களுக்கு இடமில்லை. மணி அடித்தால் பாதி வரியானாலும் நிறுத்த வேண்டும். நல்லதா, கெட்டதா என்று யோசிக்க நேரமில்லாததால் கை ஓடுகிறது.

நேற்று வந்த சீட்டு தூக்குப்போசி. பிடி ஆடும் சத்தம், மூடியின் உள்பக்கம் வேர்த்த நீர், கம்பங்கூழின் புளிப்பு வாசம் என்று பக்கம் நிறைந்தது. ஆனால் அத்தனையும் அம்மாவைப் பெற்ற அமுச்சியைப் பற்றிய நினைவுதான். அதில் யாரும் எதையும் செய்யவில்லை. எந்தப் பொருள் வந்தாலும் இப்படித்தான் ஆகிறது.

சரி என்று ஒரு விதியைச் சேர்த்தேன்: பொருள் இரண்டு பேருக்கு வேண்டும், ஒருவருக்குத்தான் கிடைக்கும். பாகம் பிரிக்கிற நாளில் அக்காளும் தங்கையும். அடியில் வெட்டியிருக்கும் பெயரைப் பார்க்க அக்கா போசியைக் கவிழ்க்கிறாள். உடனே பேச்சு வந்தது; ஒரு பக்கத்தில் தீர்ந்தும் போனது.

இந்த இடத்தைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள். மறுநாள் அதே போசியைத் தொடர்வீர்களா, அல்லது புதுச் சீட்டில் வரும் பொருளை அதே அக்கா தங்கை கையில் கொடுப்பீர்களா? அப்புறம், நேரத்தை அரை மணியாகக் கூட்டினால் பழைய தயக்கம் திரும்புகிறதா?