புதுப்பிப்பு: கல்யாண மிக்ஸிக்கு பில் யார் பேர்ல?

“தங்கச்சி கல்யாணத்துக்கு மிக்ஸி, பில்லு யார் பேர்ல போடணும்?”னு முன்னாடி இங்க கேட்டிருந்தேன்.

அதுக்கு பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருத்தர் சொன்னது: பேரைவிட தேதிதான் முக்கியம். வாரண்டி பில் தேதியில இருந்தே ஓடும், பெட்டி பிரிச்ச நாள்ல இருந்து இல்ல. ஆவணியில வாங்கி தையில கொடுத்தா அஞ்சு மாசம் போச்சு. ஆன்லைன்னா திருப்பி அனுப்புத கெடுவும் முடிஞ்சிரும்.

அதனால கல்யாணத்துக்கு முந்தின வாரம், கடையிலேயே மூணு ஜாரையும் மாட்டி ஓடவிட்டுப் பாத்தாச்சு. அடியில ஒட்டுன சீரியல் நம்பரை பில்லுல எழுத வச்சாச்சு.

“வாரண்டி கார்டு போதும்”னாங்க ஒரு மதினி. கடை சீலும் தேதியும் இருந்தாலும் பில்லையும் கேப்பாங்க. வழவழப்பான பில்லுல எழுத்து மங்கிரும், போட்டோ எடுத்து தங்கச்சிக்கு அனுப்பணும்.

பில் பேர் மாறினா ஒத்துக்கிடுவாங்களாங்கது கம்பெனிக்கு கம்பெனி வேற. தங்கச்சி பேர்லயே போட்டாச்சு.