பொருள்: ‘கட்-ஆஃப்’ என்பதற்கு ஒரு சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். கம்பியில்லாத் தூசி உறிஞ்சி ஒன்றின் கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். ஓடத் தொடங்கியதும் கருவி தானாக நின்றுபோவதை மூலத்தில் எங்கும் கட்-ஆஃப் என்றே குறித்திருக்கிறார்கள். ‘மின்வெட்டு’ என்றால் மின்வாரியம்தான் நினைவுக்கு வரும். வடிகட்டி அடைத்தால் மோட்டார் திணறி, கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி நிற்பதால், ‘வெப்பக்காப்பு நிறுத்தம்’ என்று எழுதலாமா?

மறுமொழி 1

எங்கள் மிக்சியும் உளுந்து அரைக்கும்போது இப்படித்தான் நிற்கும். அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். ‘மிகுசுமை நிறுத்தம்’ போதாதா? உங்கள் கருவியில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது?

மறுமொழி 2

பழுதுபார்க்கும் மேசையிலிருந்து எழுதுகிறேன். மிக்சியில் மாவு இறுகினால் சுமை ஏறும். தூசி உறிஞ்சியில் நடப்பது வேறு. காற்று வராவிட்டால் விசிறிக்குத் தள்ள எதுவும் இல்லாததால் அதன் சுமை குறைகிறது. ஒலி கீச்சென்று உயர்வதைக் காதாலேயே கேட்கலாம். ஆனால் மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே காற்றுதான் என்பதால், அது நின்றதும் சூடு தேங்குகிறது. அந்தச் சூடு ஏறச் சில நிமிடங்களாவது பிடிக்கும். நின்றபின் ஆறும்வரை கருவி ஓடாது.

சென்ற வாரம் வந்த கருவியோ உச்ச வேகத்தில் நான்கே நொடியில் நின்றது, உடனே மறுபடி ஓடியது. வடிகட்டியைக் கழற்றி, தூசியில்லாத இடத்தில் இரண்டு மூன்று முறை சில நொடிகள் மட்டும் ஓட்டிப் பார்த்தபோதும் அப்படியே நின்றதால், அடைப்பு காரணமில்லை என்று தெரிந்தது. அதன் பேட்டரியில் தொடராக ஆறு செல்கள். ஓய்வில் 24 வோல்ட் காட்டியது. 16 ஆம்பியர் இழுத்ததும் 17.6 வோல்ட்டுக்கு இறங்கியது. முதுமையால் உள்மின்தடை 0.4 ஓம் ஆகியிருந்தால் 6.4 வோல்ட் உள்ளேயே தொலைகிறது. 18 வோல்ட்டுக்குக் கீழே போனதும் காப்புச் சுற்று அணைத்துவிட்டது. குறைந்த வேகத்தில் அதே பேட்டரி தாராளமாக ஓடியது. ஆகவே ‘சூட்டு நிறுத்தம்’, ‘அழுத்தச்சரிவு நிறுத்தம்’ என இரு சொற்கள் வேண்டும். ‘வெப்பக்காப்பு’ வேண்டாம், கூரைக்கும் குழாய்க்கும் போடும் உறைக்கு அது ஏற்கெனவே வழங்குகிறது.

மறுமொழி 3

‘அழுத்தம்’ என்று தனியே எழுதினால், உறிஞ்சும் காற்றின் அழுத்தம் என்றே படிப்பவர் கொள்வார். ‘மின்னழுத்தச்சரிவு நிறுத்தம்’ என்றாலோ கையேட்டின் சிறு கட்டத்தில் அடங்காது. ‘சரிவு நிறுத்தம்’ எனக் குறுக்கலாமா?

மறுமொழி 4

மடலைத் தொடங்கியவன்தான். ‘சூட்டு நிறுத்தம்’ ஏற்கிறேன். திணறல் பற்றிய வரியை நீக்கிவிட்டேன். ‘சரிவு’ என்றால் பலர் கருவி கீழே சரிந்ததாக நினைப்பார்கள் என்பதால் அந்த இடத்தை வெற்றாகவே விட்டிருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது: சில கருவிகள் அடைப்பை உணர்ந்தவுடன், சூடேறும் முன்பே, விட்டுவிட்டுத் துடிக்கின்றன. அதை நிறுத்தம் என்பதா, எச்சரிக்கை என்பதா?